இடுப்பைக் குறைக்கலாம், ஒட்டியாணம் நெளியக் கூடாது

கேள்வி: அண்ணா, வேலூர் கோட்டைச் சுவர் பக்கத்துல கல்யாணப் பொண்ண நிக்க வச்சு எடுத்த முழு உருவ போட்டோ. ஆரணிக் கட்டம் போட்ட பட்டு, ஒட்டியாணம், ஜிமிக்கி எல்லாம் இருக்கு. இடுப்பையும் தாடையையும் லேசா குறைச்சுக் குடுங்கன்னு பொண்ணே கேட்டாங்க. போட்டோஷாப் லிக்விஃபைல செஞ்சா சுவர் வளையுது, ஒட்டியாணம் நசுங்குது, முகம் வேற யாரோ மாதிரி ஆயிடுது. எவ்வளவு தள்ளணும், எப்படித் தள்ளணும்?

பதில்:

தம்பி, முதலில் பிக்சலை விட்டுவிட்டு சென்டிமீட்டரில் கணக்குப் போடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் செங்குத்தாக எடுத்த படம் 4000×6000 பிக்சல் இருக்கும். பெண்ணின் உயரம் 160 செ.மீ., படத்தில் தலை முதல் பாதம் வரை 4800 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். இந்த ஒரு எண் கையில் இருந்தால் எவ்வளவு தள்ளுவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். இடுப்பில் ஒரு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள், அதாவது 30 பிக்சலுக்குள் நிற்க வேண்டும். தாடையில் ஒரு பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர், அதாவது 6 பிக்சல். இது ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் ஒரு முகத்தின் அகலமே 14 செ.மீ.தான். அதில் இரண்டு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. போனால் பார்க்கிறவர்கள் “கொஞ்சம் இளைச்சிருக்கா போல” என்பார்கள். 1 செ.மீ. போனால் “இது யாரு?” என்பார்கள். உங்கள் படத்தில் முகம் வேறு யாரோ போல் ஆவதற்கு அநேகமாக இந்த அளவுதான் காரணம்.

லேயரை Ctrl+J போட்டு நகல் எடுங்கள். நகலின் மேல் Filter > Convert for Smart Filters கொடுத்துவிட்டு, அதன் பிறகு Filter > Liquify போங்கள். இப்படிச் செய்தால் லிக்விஃபை லேயருக்குக் கீழே ஒரு வரியாக நிற்கும். நாளைக்கு அதை இரட்டைக் கிளிக் செய்து திறந்து, தள்ளியதைத் திருத்திக்கொள்ளலாம். கூடவே ஒரு வெள்ளை மாஸ்க்கும் வரும். சுவரைச் சரிசெய்யும்போது அது தேவைப்படும். அடியில் இருக்கும் அசல் லேயரைத் தொடவே கூடாது.

இப்போது ஒட்டியாணம் ஏன் நசுங்குகிறது என்று பார்ப்போம். எல்லாக் கோளாறுக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. Forward Warp Tool ஓரத்தை உள்ளே தள்ளும்போது அந்த இடத்தில் இருந்த படம் எங்கும் மறைந்து போவதில்லை. பிரஷ் எட்டுகிற தூரத்துக்குள் அது நெருக்கி அடைக்கப்படுகிறது. Size 200 வைத்து 25 பிக்சல் தள்ளினால், ஓரத்திலிருந்து உள்ளே 100 பிக்சல் தூரத்துக்குள் அந்த 25-ம் அடங்கியாக வேண்டும். அதாவது நாலில் ஒரு பங்கு நசுங்கல். ஒட்டியாணத்தின் ஓரத்தில் இருக்கும் பூவும் மாங்காயும் ஒடுங்கி நிற்கும், நடுவில் இருப்பவை அப்படியே இருக்கும். தங்கம் நசுங்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கண் நேராக அங்கே போகிறது.

அதே 25 பிக்சலை Size 900 வைத்துத் தள்ளிப் பாருங்கள். உங்கள் படத்தில் இடுப்பு அகலம் ஏறக்குறைய 30 செ.மீ., அதாவது 900 பிக்சல். பிரஷின் ஆரம் 450. அது ஓரத்திலிருந்து ஒட்டியாணத்தின் நடுப் பதக்கம் வரை எட்டும். 25 பிக்சல் நெருக்கல் 450 பிக்சலில் பரவுகிறது. சராசரியாகப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து, ஆறு. மாங்காய் மாங்காயாகவே இருக்கும். ஆரணிப் பட்டின் கட்டத்துக்கும் இதே கணக்குதான். இடுப்பு ஓரத்தில் கட்டம் சதுரத்திலிருந்து ஒல்லி நீள்சதுரமாக மாறினால் பிரஷ் சின்னது என்று அர்த்தம். உடம்பு உருண்டை என்பதால் ஓரத்துக் கட்டங்கள் இயல்பாகவே கொஞ்சம் ஒடுங்கித்தான் தெரியும். அந்த இயல்பான ஒடுக்கத்தின் மேல் இன்னொரு ஒடுக்கம் சேர்ந்தால் இடுப்பு இளைத்தது போல் இருக்காது, உருளை போல் தெரியும்.

ஆக, இடுப்புக்கு Size 800 முதல் 900. Density 50 போதும். Pressure-ஐ 100-ல் விடாமல் 20, 25-க்கு இறக்குங்கள். அப்போது ஒரு இழுப்பில் சில பிக்சல்தான் நகரும். நாலைந்து இழுப்பில் மெதுவாக வந்து சேரலாம், எங்கே நிறுத்துவது என்று கைக்கும் தெரியும். பிரஷின் நடுவை இடுப்புக் கோட்டின் மேலேயே வைத்து, கோட்டுக்குச் செங்குத்தாக உள்நோக்கித் தள்ளுங்கள்.

எல்லா இடத்தையும் ஒரே அளவு தள்ளக் கூடாது. உடம்பில் எலும்பு நகராது. கடைசி விலாவும் இடுப்பெலும்பும் இருக்கிற இடத்தில் கோடு அப்படியே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள மெத்தென்ற பகுதிதான் குறையும். மிக ஒடுங்கிய இடத்தில் 25 பிக்சல் என்றால், விலாவுக்கும் அதற்கும் பாதி வழியில் 12, விலாவில் பூஜ்யம். கீழே இடுப்பெலும்பு நோக்கியும் அப்படியே. பிளவுஸ் விளிம்புக்கு நேர் கீழே திடீரென்று உள்ளே போய், கொசுவம் தொடங்குகிற இடத்தில் திடீரென்று வெளியே வந்தால் அது இடுப்பு இல்லை, வெட்டுக்காயம் மாதிரி ஒரு பள்ளம். சின்ன பிரஷில் பல இடத்தில் தட்டித் தட்டிச் செய்தால் கோடு அலை அலையாகவும் வரும். வந்துவிட்டால் Smooth Tool-ஐப் பெரிய அளவில் வைத்து ஒருமுறை தடவுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் Reconstruct Tool-ஆல் பழையபடி ஆக்கிவிட்டு முதலிலிருந்து தள்ளுவதே வேகமான வழி.

இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளுவதும் தவறு. நிற்கும்போது ஒரு காலில் பாரம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் இடுப்பு மேலே ஏறி, விலா கீழே இறங்கி, நடுவில் மடிப்பு விழுந்திருக்கும். அங்கே வளைவு ஏற்கெனவே ஆழம். இன்னும் தள்ளினால் முறிந்ததுபோல் ஆகும். மறுபக்கம் நீண்டு, ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும். குறைக்க இடம் அங்கேதான். நேரான பக்கம் 25 பிக்சல், மடிந்த பக்கம் 10 பிக்சல் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சேலையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. முந்தானை இடது தோளில் போவதால் பெண்ணின் இடது இடுப்பில் தோல் தெரியும், வலது பக்கம் துணி மூடியிருக்கும். துணிப் பக்கத்தில் சாய்வாகப் போகும் மடிப்புகள் சின்னத் தள்ளலை விழுங்கிவிடும். தோல் பக்கத்தில் பிளவுஸுக்குக் கீழே ஒரு மடிப்பும் அதன் நிழலும் இருக்கும். அந்த மடிப்பை லிக்விஃபையால் சரிசெய்ய முயலாதீர்கள். மேலே பளிச்சென்ற ஒரு புடைப்பு, கீழே ஒரு கறுப்புக் கோடு, இந்த இரண்டின் வேறுபாடுதான் கண்ணுக்குப் பருமனாகப் படுகிறது. ஒரு Curves லேயரில் வெளிச்சம் கொஞ்சம் ஏற்றி, மாஸ்க்கைக் கறுப்பாக்கி, Flow 5, 6 வைத்த மென்மையான வெள்ளை பிரஷால் அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் பாதி வெளுக்கச் செய்யுங்கள். பாதி போதும். நிற்கிற மனிதருக்கு மடிப்பே இல்லாமல் போனால் பொம்மை.

அடுத்தது கை. இடது கை இடுப்பிலிருந்து 70 பிக்சல் தள்ளித் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 அளவு பிரஷ் அந்தக் கையையும் பிடித்து இழுக்கும். கையின் உள்பக்க விளிம்பு அதிகமாகவும், வெளிப்பக்க விளிம்பு குறைவாகவும் நகரும். இடுப்பு இளைத்து, முன்கை பருத்துப் போகும். வளையல்கள் முட்டை வடிவம் எடுக்கும். அதனால் தள்ளுவதற்கு முன்னாலேயே Freeze Mask Tool-ஐ எடுத்து கை, வளையல், விரல்கள் முழுவதையும் பூசிவிடுங்கள். கை இடுப்போடு ஒட்டியிருந்தால் மட்டும் வேறு வழி. அப்போது கையை உறைய வைக்காமல், கையையும் இடுப்பையும் சேர்த்தே ஒரு பெரிய பிரஷால் நகர்த்த வேண்டும். கையின் தடிமன் மாறுகிறதா என்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

கோட்டைச் சுவர் ஒருவகையில் உங்களுக்கு உதவிதான். இடுப்பைத் தள்ளுவது கிடைமட்டமாக. கிடைமட்டக் கோட்டைக் கிடைமட்டமாகத் தள்ளினால் அது தன் மேலேயே நகரும், வளையாது. எனவே கருங்கல் வரிசைகளுக்கு நடுவே போகும் நீளமான இணைப்புக் கோடுகள் பெரும்பாலும் நேராகவே இருக்கும். வளைவது இரண்டு கல்லுக்கு நடுவே மேலிருந்து கீழாக வரும் குட்டை இணைப்புக் கோடுகள். இடுப்புக்கு அருகில் அப்படி எத்தனை இருக்கிறது என்று முதலிலேயே எண்ணி, அவற்றை Freeze Mask-ஆல் பூசுங்கள். கல்யாண மண்டபத் தூண் பக்கத்தில் எடுத்த படமாக இருந்தால் வேலை இதைவிடக் கடினம். முழுத் தூணும் செங்குத்துக் கோடு.

பூசிய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த 70 பிக்சல் சுவர் இப்போது 95 பிக்சல். கருங்கல்லின் பொடிப் புள்ளிகள் மூன்றில் ஒரு பங்கு நீண்டு கோடு கோடாகத் தெரியும். சுவர் அவுட் ஆஃப் ஃபோகஸ் என்றால் யாருக்கும் தெரியாது, விட்டுவிடலாம். கூர்மையாக இருந்தால், லிக்விஃபையை OK கொடுத்து வெளியே வந்து, மேலே ஒரு வெற்று லேயர் போடுங்கள். Clone Stamp-இல் Sample-ஐ Current & Below என்று வைத்து, அதே கல்லின் நீளாத பகுதியிலிருந்து எடுத்து நிரப்புங்கள். உடம்பைச் செலக்ட் செய்து Shift+Ctrl+I-ஆல் தலைகீழாக்கிவிட்டு நிரப்பினால் பட்டின் மேல் கல் ஏறாது.

ஸ்மார்ட் ஃபில்டரின் வெள்ளை மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் அசல் சுவர் நேராகத் திரும்பி வரும் என்று பலரும் அதையே முழுத் தீர்வாக நினைக்கிறார்கள். உடம்பின் பழைய கோட்டுக்கு வெளியே உள்ள சுவருக்கு அது சரியான வழி. ஆனால் பழைய கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவே உள்ள 25 பிக்சல் கீற்றில் அசலில் இருந்தது சுவர் இல்லை, பெண்ணின் இடுப்பு. அங்கே கறுப்பு பட்டால் பழைய இடுப்பு நிழல்போல் எட்டிப் பார்க்கும். அந்தக் கீற்றுக்குக் குளோன் மட்டும்தான் வழி.

இனி தாடை. முழு உருவப் படத்தில் முக அகலம் 14 செ.மீ., 420 பிக்சல். லிக்விஃபைக்குள் வலது பக்கம் Face-Aware Liquify-இல் Face Shape-இன் கீழ் Jawline என்று ஒரு ஸ்லைடர் இருக்கிறது. முகம் கேமராவை நேராகப் பார்த்தால் அதை −15 முதல் −20 வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். Face Width-ஐத் தொடாமல் இருப்பது நல்லது. அது கன்னத்து எலும்பையும் சேர்த்து ஒடுக்கும். ஒருவரை அடையாளம் காட்டுவது அந்த எலும்புதான். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் ஸ்லைடரை நம்பாமல் கையால் செய்யுங்கள்.

கையால் என்றால் Forward Warp Tool, Size 200 முதல் 250, Pressure 15. காது மடலுக்குக் கீழே தாடை வளைகிற மூலை இருக்கிறது. அந்த மூலையில் தொடங்கி, மோவாய்க்குப் பாதி வழி வரைக்கும்தான் உங்கள் வேலை. மூலையின் வளைவு மாறாமல், அது முழுசாக 6 பிக்சல் உள்ளே வர வேண்டும். மோவாயின் அகலம் அப்படியே இருக்க வேண்டும். பெரும்பாலும் நடக்கும் தவறு, மூலையை விட்டுவிட்டு மூலைக்கும் மோவாய்க்கும் நடுவில் அமுக்குவது. அப்போது கன்னம் குழிந்து, முகம் மாங்கொட்டை வடிவத்துக்கு வந்துவிடும். தள்ளும் திசை மூக்கடியை நோக்கிக் கொஞ்சம் சாய்வாக இருக்கலாம். ஆனால் மேல்நோக்கி அதிகம் போனால் முகம் குட்டையாகி, கழுத்து நீண்டுவிடும்.

முகம் திரும்பிய படத்தில் தூரத்துக் கன்னத்தின் கோடு சுவருக்கு எதிரே தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டில் கண்ணுக்கு நேராக ஒரு பள்ளம், கன்ன எலும்பில் ஒரு மேடு, வாய்க்கு நேராக மறுபடி ஓர் இறக்கம் இருக்கும். அந்த மூன்றையும் காப்பாற்றுங்கள். மேட்டுக்குக் கீழே மட்டும் 3 பிக்சல். கிட்டத்துத் தாடைக்கு வெளிக்கோடே கிடையாது. அங்கே தாடை என்பது முகத்தின் வெளிச்சமும் கழுத்தின் நிழலும் சந்திக்கிற இடம்தான். முன்பக்கமிருந்து ஃபிளாஷ் அடித்திருந்தால் மோவாய்க்கு அடியில் நிழலே விழாமல், தாடையும் கழுத்தும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பல படங்களில் தாடை பெரிதாகத் தெரிவதற்கு உண்மையான காரணம் இதுதான். எதையும் நகர்த்தாமல், தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் மட்டும் ஒரு Curves லேயரால் மெல்லிய நிழல் கொடுத்துப் பாருங்கள். காதடியிலிருந்து மோவாய்க்கு அடி வரை, மேல் விளிம்பு கூர்மையாகவும் கீழே கரைந்தும் போக வேண்டும். இரட்டைத் தாடைக்கும் இதே மருந்து. அதை லிக்விஃபையில் மேலே தூக்கினால் மோவாய் உருமாறிவிடும்.

ஜிமிக்கியைத் தள்ளுவதற்கு முன்பே உறைய வையுங்கள், மாட்டலையும் சேர்த்து. அசையாமல் நிற்கிற பெண்ணின் காதில் ஜிமிக்கி தூக்குநூல் போல நேராகத் தொங்கும். தாடையோடு சேர்ந்து அது சாய்ந்தாலோ, அதன் குடை முட்டையானாலோ பார்த்த உடனே தெரியும். ஸ்லைடரால் செய்த படத்தில் ஜிமிக்கி நகர்ந்திருந்தால், அடியில் உள்ள அசல் லேயரிலிருந்து ஜிமிக்கியை மட்டும் நகல் எடுத்து மேலே ஒரு லேயராக வைத்துவிடலாம். தாடை குறைந்த பிறகு கழுத்து தடித்துத் தெரிந்தால் கழுத்தைக் குறைக்கப் போகாதீர்கள். கழுத்தைத் தொட்டால் ஆரம் நெளியும், ஆரத்தைத் தொட்டால் தோள். தாடையில் தள்ளியதில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

முடிந்ததும் ஒரு சோதனை. அசல் லேயரை நகல் எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பிளெண்ட் மோடை Difference ஆக்குங்கள். மாறாத இடம் சுத்தக் கறுப்பாகவும், நகர்ந்த இடம் வெளிச்சக் கோடாகவும் தெரியும். இடுப்பின் இரு ஓரம், அதையொட்டி பிரஷ் எட்டிய பட்டும் ஒட்டியாணமும், தாடையின் இரு ஓரம், நீங்கள் நிரப்பிய சுவர்த் துண்டு, நிழல் கொடுத்த இடங்கள் இவை மட்டும் மின்ன வேண்டும். விரல், வளையல், சுவரின் செங்குத்து இணைப்பு, பூச்சரம் எங்காவது மின்னினால் உறைய வைத்ததில் ஓட்டை இருக்கிறது. பிறகு அந்த லேயரை அணைத்துவிட்டு, Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்து, 25% அளவில் பாருங்கள். ஒரு மணி நேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இடவலம் மாறிய படம் புதுப் படம். ஒரு பக்கம் அதிகம் தள்ளியிருந்தால் உடம்பு சாய்ந்திருப்பது அப்போது தெரிந்துவிடும். பார்த்த பிறகு மறக்காமல் திரும்ப மாற்றுங்கள். இல்லாவிட்டால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும்.

இந்தப் படத்துக்குச் செய்த அளவைப் பிக்சலில் இல்லாமல் சென்டிமீட்டரில் குறித்துவையுங்கள்: இடுப்பு நேர் பக்கம் 0.8, மடிந்த பக்கம் 0.3, தாடை 0.2. ஆல்பத்தில் இதே பக்கத்துக்கு எதிரே முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் வரும். அதில் முக அகலம் 1400 பிக்சல் என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 100 பிக்சல். அங்கே தாடைக்கு 20 பிக்சல், பிரஷ் அளவு 700-க்கும் 800-க்கும் நடுவில். இரண்டு படத்திலும் ஒரே முகம் வரும்.